சத்தமில்லாமப் பார்க்கிறவங்களுக்கு நாங்க சொன்ன தப்புச் சேதி

போன மாசம் பால்குட அறிவிப்பு வீடியோ பார்த்துட்டு ஓர் அக்கா ஆறு பாக்கெட் பாலோட கோயிலுக்கு வந்தாங்க. "நீங்கதானே கொண்டு வரச் சொன்னீங்க?"ன்னு போனைக் காட்டினாங்க. வீடியோவில் நான் பேசியது, "பால் கொண்டு வர வேணாம், கோயில்லயே இருக்கு." கீழே ஓடிய எழுத்தில் இருந்தது, "பால் கொண்டு வர வேணும்."

பின்னால தவில் சத்தம். தானா எழுத்துப் போடுற ஆப்புக்கு "ணா"வும் "ணு"வும் ஒண்ணாக் கேட்டிருக்கு. அக்கா அங் மோ கியோவுல ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் போறவங்க. நெரிசல்ல சத்தத்தை அடைச்சுட்டு எழுத்தை மட்டும்தான் படிச்சிருக்காங்க.

பதிவேற்றும் முன்னாடி நான் மூணு தடவை பார்த்தேன். ஆனா சத்தத்தோட பார்த்தேன். காது சரியாக் கேட்டதால கண்ணு தப்பை விட்டுடுச்சு. அதே வீடியோவில் "மாலை 6 மணி"ன்னு சொன்னது "மலை 6 மணி"ன்னு வந்திருந்தது. அதைப் படிக்கிறவங்களே திருத்திப் புரிஞ்சுக்குவாங்க. அர்த்தத்தோட வர்ற தப்புதான் ஆபத்து, யாருக்கும் சந்தேகமே வராது.

இப்போ முதல் தடவை சத்தமே இல்லாமப் பார்க்கிறோம். அதுவும் நான் பார்க்கிறதில்லை, விஷயம் தெரியாத ஒரு தம்பி பார்த்து, என்னிக்கு, எத்தனை மணிக்கு, எதைக் கொண்டு வரணும், எது வேண்டாம்னு எனக்குத் திருப்பிச் சொல்லணும். பிறகுதான் சத்தம் வெச்சு, நாள், மணி, பேர், "வேண்டாம்", "இல்லை" வர்ற இடத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேட்போம். பேசும்போதே "வேணாம்"னு சொல்லாம "வேண்டாம்"னு அழுத்திச் சொல்லப் பழகிட்டேன்.

இன்னொண்ணு. ஆப்பு "கொண்டு வர" என்பதை ஒரு திரையிலும் "வேண்டாம்" என்பதை அடுத்த திரையிலும் போடும். நடுவுல ஸ்டேஷன் வந்து தலை நிமிர்ந்தா, பாதிச் சேதிதான் போகும். அதனால இப்படி ஒரே திரையில் சேர்த்துவிடுறோம்:

```
12
00:00:41,200 --> 00:00:44,400
பால் கொண்டு வர வேண்டாம்
```

இது `.srt` கோப்பு. முன்னெல்லாம் எழுத்தை வீடியோ மேலேயே பதிச்சுடுவோம். அதைத் திருத்தணும்னா வீடியோவையே எடுத்துட்டு மறுபடி போடணும். தனிக் கோப்புன்னா அதை மட்டும் மாத்திடலாம். ஆனா வாட்ஸ்அப்புக்கு இப்பவும் பதிச்சுத்தான் அனுப்ப வேண்டியிருக்கு, அது கைமாறிப் போச்சுன்னா நம்ம கையில இல்லை. அதனால வாட்ஸ்அப்புக்குப் போறதைக் கடைசியா, இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் விடுறோம்.

அக்காவோட ஆறு பாக்கெட்டும் அன்னிக்கு அன்னதானப் பாயசத்துல சேர்ந்துச்சு. வெள்ளிக்கிழமை அடுத்த அறிவிப்பு வருது. ரயில்ல பார்க்கிறவங்க எழுத்துல ஏதாவது இடிச்சா கீழே நேரத்தோட எழுதுங்க, அன்னிக்கே மாத்திடுறோம்.