இரண்டால் வகுத்துப் பாருங்கள்

ஓய்வுக்குப் பின் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கணக்கு என் தலையில் விழுந்தது. 96 வீடுகள். பழைய கணக்கு மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாற 2019 மார்ச் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். 31ஆம் தேதி ஞாயிறு. திங்கள் புது நிதியாண்டு. ஆண்டு நடுவில் மாறினால் அதுவரையிலான வரவு செலவுத் தலைப்புகளையும் சுமந்து போக வேண்டும். ஏப்ரல் 1 என்றால் ரொக்கம், வங்கி, வைப்பு, வீட்டுக்காரர்களின் பாக்கி போன்ற நிலுவைகள் மட்டும் போதும்.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு ரசீது போடுவதை நிறுத்தினோம். பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்தும் பார்த்தேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பித் திரும்பி வர முடியாது. இருப்புச் சோதனைப் பட்டியலை அச்செடுத்துச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கினேன். (எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அதற்கு 'பலான்ஸ்' என்று பெயர். தராசுக்கும் அதே சொல்தான்.) ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் இரண்டு மென்பொருளின் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் திங்கள் காலை பழையதிலேயே வேலை என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம்.

பாக்கியை ஒரே மொத்தமாக ஏற்றாமல் வீடு வீடாக ஏற்றினோம். ஞாயிறு மூன்று மணிக்குப் பார்த்தால் பாக்கித் தலைப்பில் மட்டும் 17,300 ரூபாய் அதிகம்.

"சஸ்பென்ஸ்ல போட்டுடலாம் சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் செயலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், இது வகுபடவில்லை. இரண்டால் வகுத்தால் 8,650. பற்றில் போக வேண்டியது வரவிலோ, வரவில் போக வேண்டியது பற்றிலோ விழுந்தால், அந்தத் தொகையின் இரு மடங்கு வித்தியாசம் வரும்.

பழைய அச்சுப் பட்டியலில் 8,650ஐத் தேடினேன். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் அம்மாள். வெளிநாட்டிலுள்ள மகன் பராமரிப்புத் தொகையை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். எக்செலுக்கு மாற்றியபோது `Cr` என்ற எழுத்து தனி நெடுவரிசையில் நின்றுவிட்டது. புதிய மென்பொருள் அதைப் படிக்கவில்லை. நாங்கள் அவருக்குக் கடன்பட்டிருக்க, அவர் பாக்கிக்காரர் ஆகிவிட்டார். ஏப்ரல் முதல் வாரம் அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கும்.

கழித்தல் குறி போட்டு மறுபடி ஏற்றியபோது மணி 4.40. ஒத்துப்போனது.

திங்களன்று புதியதில் ரசீது போடத் தொடங்கினோம். அதன்பின் பழையதற்குத் திரும்பினால், இடையில் போட்ட ரசீது எல்லாவற்றையும் அதில் மீண்டும் பதிய வேண்டும். அதனால் முதல் நான்கு நாள் கார்பன் ரசீதுப் புத்தகத்திலும் அதே எண்ணில் எழுதினேன். வியாழன் மாலை புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். பழைய கணினியைத் தணிக்கை முடியும்வரை யாரையும் தொட விடவில்லை.