தண்ணி லாரிக்குச் சொல்லும் முன்

அம்மிணி, ரோட்டு வேலைக்கு இஞ்சினியராகப் போகிறாய். முதல் வாரத்திலேயே டேங்கர்க்காரர் உன்னிடம் வந்து நிற்பார். "நாளைக்கு எத்தனை லோடுங்க மேடம்?" என்பார். பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி, "எப்பவும் போல மூணு ஓட்டுங்க" என்று உனக்காகப் பதில் சொல்லிவிடுவார். அந்த "எப்பவும் போல" என்ற கணக்கை மட்டும் ஒத்துக்கொள்ளாதே. மண் எப்பவும் போல இருப்பதில்லை. நேற்று வெட்டிய குழிக்கும் இன்று வெட்டும் குழிக்கும் ஈரம் வேறு.

முதலில் தண்ணீர் எதற்கு என்பது மனதில் நிற்க வேண்டும். காய்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகர மறுக்கும். எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் நடுவில் காற்று தங்கிவிடும். கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் துகள்கள் வழுக்கி நெருங்கும், அடர்த்தி ஏறும். ஓர் அளவைத் தாண்டினால், துகள் உட்கார வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அடர்த்தி மறுபடி இறங்கும். நடுவில் உள்ள அந்த உச்சிதான் உகந்த ஈரப்பதம். 1933-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் குடிநீர்த் துறையில் இருந்த ரால்ஃப் பிராக்டர், மண் அணை கட்டும் வேலைக்காக இதை அளந்து எழுதினார். இன்றும் உன் லேபில் 4.9 கிலோ சுத்தியலை 450 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போட்டு இடிக்கிறார்களே, அது அவர் முறையின் வளர்ந்த வடிவம்தான்.

இனி கணக்கு. சூலூர்ப் பக்கம் ஒரு செம்மண் கிராவல் என்று வைத்துக்கொள்வோம். லேபில் உச்ச உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.95 டன், உகந்த ஈரம் 11 சதவீதம் என்று வருகிறது. கரையில் நீ 95 சதவீதம் எட்ட வேண்டும்; அதாவது 1.85 டன். 100 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், இறுகிய பின் 20 சென்டிமீட்டர் கனத்தில் ஓர் அடுக்கு போடுகிறாய். 200 கன மீட்டர். அதை 1.85-ஆல் பெருக்கினால் 370 டன் காய்ந்த மண்.

குழியில் மண்ணின் ஈரம் 4 சதவீதம். வேண்டியது 11. குறைவது 7. 370 டன்னில் 7 சதவீதம் 25.9 டன், அதாவது 25,900 லிட்டர். மண்ணில் ஏற்கெனவே உள்ள ஈரத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஊற்றுகிறாய். மொத்தக் கணக்கும் இந்தக் கழித்தல்தான்.

ஆனால் ஊற்றியது முழுதும் மண்ணில் தங்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றை நீ அறிவாய். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, பரப்பிய மண்ணின் ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு 2 சதவீதம் கூட்டு என்றால் 7,400 லிட்டர். மொத்தம் 33,300. 12,000 லிட்டர் டேங்கரில் மூன்று லோடு. இந்த 2 எந்தப் புத்தகத்திலும் நிலையாக இல்லை. காலையில் ஊற்றி, மதியம் ரோலருக்கு முன் மறுபடி ஈரம் பார்த்து, எவ்வளவு போயிற்று என்று உன் சைட்டுக்கு நீயே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரி சொன்ன அதே மூன்று லோடுதானே வந்தது என்று கேட்பாய். ஐப்பசி மழை முடிந்து அதே குழியில் ஈரம் 8 சதவீதம் இருந்தால்? குறைவது 3, காற்றுக்கு 2. 18,500 லிட்டர் போதும். அப்போதும் மூன்று லோடு ஊற்றினால் மண் உகந்த அளவைத் தாண்டிப் போய்விடும். மழை கூடி ஈரம் 15 ஆகிவிட்டதென்றால் டேங்கரே வேண்டாம். கலப்பை விட்டுக் கிளறி வெயிலில் உலர்த்துவதுதான் வேலை.

இரண்டு இடத்தில் கணக்கு வழுக்கும். டிப்பர் லோடை எண்ணி, உதிரி மண் 250 கன மீட்டர் என்று எடுத்து அதை 1.85-ஆல் பெருக்குவார்கள். உதிரி மண்ணின் அளவுக்கு இறுகிய மண்ணின் அடர்த்தி பொருந்தாது. அந்த ஒரு தவறிலேயே தண்ணீர் கால் பங்கு கூடிவிடும். இன்னொன்று, கால்சியம் கார்பைடு போட்டுக் குலுக்கும் ஈரமானி. அதில் காட்டும் எண் ஈர மண்ணின் எடைக்கு இத்தனை சதவீதம் என்பது. நம் கணக்கெல்லாம் காய்ந்த மண்ணின் எடைக்கு. மானியில் 10 என்றால், 10-ஐ 90-ஆல் வகுத்துப் பார்; நிஜ ஈரம் 11.1.

தண்ணீரை மேலே பீய்ச்சிவிட்டு உடனே ரோலரை விடாதே. மேல் இரண்டு அங்குலம் சேறாகும், அடி மண் தூளாகவே கிடக்கும். கிரேடரோ ரோட்டவேட்டரோ விட்டு அடி வரை புரட்ட வேண்டும். களி கலந்த மண்ணாக இருந்தால் முந்தின சாயந்திரமே குழியில் தண்ணீர் விட்டு ஊறவைப்பது நல்லது. காற்றில் போகும் இழப்பும் குறையும்.

புரட்டிய மண்ணில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார். நம் வீட்டில் புட்டு மாவுக்குப் பார்க்கும் பதம்தான்: பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். கையில் ஒட்டினால் ஈரம் கூடுதல். அந்த மண் ரோலர் உருளையிலும் ஒட்டும், ரோலருக்கு முன்னால் தரை அலை போல எழும்பித் தாழும். புழுதி பறந்தால் குறைவு. கை சொன்னதை மானி கொண்டு உறுதி செய்துகொள். சாலை வேலைக்கான மத்திய அரசு விவரக்குறிப்பு, உகந்த ஈரத்துக்கு மேல் 1, கீழ் 2 சதவீதம் வரை விடுகிறது.

ஈரம் கூடினால் அன்றே கண்ணில் தெரிந்துவிடும். எனக்குப் பயம் குறைந்த ஈரத்தில்தான். காய்ந்தபடி இறுக்கிய கரை கல் மாதிரி நிற்கும். பூட்ஸ் காலால் உதைத்தாலும் அசையாது. எல்லோரும் திருப்தியாகப் படம் எடுப்பார்கள். உள்ளே காற்று இருக்கிறது. முதல் பெருமழையில் தண்ணீர் உள்ளே இறங்கியதும் துகள்களின் பிடி விட்டுப்போய்க் கரை அமரும். பாலம் அமராது, அதை ஒட்டிய மண் மட்டும் அமரும். பாலத்தில் ஏறும் இடத்தில் வண்டி தூக்கிப் போடுகிறதே, அதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே பாலத்தை ஒட்டிய முதல் சில மீட்டரில் ஒவ்வோர் அடுக்கிலும் நீயே நின்று ஈரம் பார்.

அணைக்கு நியாயம் வேறு. பவானிசாகரை எடுத்துக்கொள்; ஏறக்குறைய எட்டே முக்கால் கிலோமீட்டர் நீளும் அந்த அணையில் பெரும்பகுதி மண் கரை. இந்தியா விடுதலையான மறுவருடம் தொடங்கி 1955-ல் முடிந்த வேலை அது. பொதுவாக மண் அணையின் நடுவில் நீர் கசியாமல் தடுக்கும் களிமண்ணை உகந்த ஈரத்துக்குச் சற்று மேலேயே வைத்து இறுக்குவது வழக்கம். அடர்த்தி சிறிது குறைந்தாலும் கசிவு குறையும், கரை அமரும்போது விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும். லேப் கொடுக்கும் எண் ஒன்றுதான். அதற்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதை நீ கட்டும் பொருள் தீர்மானிக்கும்.

இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன அகலத்தில் 10 கிலோமீட்டர், 2 மீட்டர் உயரம் கரை போட்டால் 33,300 லிட்டர் ஆயிரம் தடவை. 3 கோடியே 33 லட்சம் லிட்டர். ஆயிரம் அடி போர் போட்டும் புகை வரும் ஊர்களில் இருந்துதான் அந்த டேங்கர் நிரம்பி வருகிறது. மண்ணில் ஈரம் இருக்கும் மாதத்தில் குழியைத் திறந்தால், அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழேயே மிச்சமாகும்.

நாளைக் காலையில் குழிக்குப் போகும்போது மேல் மண்ணை மட்டும் அள்ளாதே, அது வெயிலில் காய்ந்தது. ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு மூன்று இடத்தில் எடு, காற்றுப் போகாத டப்பாவில் மூடு, ஈரம் பார். அதன் பிறகு டேங்கர்க்காரருக்குப் போன் போடு.