எட்டு நிமிஷம், எட்டு கட்டம், பதினெட்டு பொட்டு

விடுதி மொட்டைமாடியில் காயப்போட்ட துணி மழையில் நனைகிறது. இதற்கு ஒரு பொருள் செய்யவேண்டும். ஆறு பேர் கொண்ட மாணவர் குழுவுக்கு வகுப்பில் கொடுத்த வேலை இதுதான்.

ஆளுக்கொரு ஏ4 தாள். மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரே நிமிஷம், மணி அடித்ததும் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். கூகுள் வென்ச்சர்ஸில் இருந்த ஜேக் நாப்பும் நண்பர்களும் 2016-ல் எழுதிய 'ஸ்பிரிண்ட்' புத்தகத்தில் இதற்கு 'கிரேஸி எய்ட்ஸ்' என்று பேர்.

முதல் மூன்று கட்டம் எல்லோருக்கும் ஓடிவிட்டது. பெரிய குடை, தார்ப்பாய், மழை வந்தால் செல்போனுக்குச் செய்தி... எல்லாம் ஏற்கெனவே மண்டையில் இருந்தவை. ஐந்தாவதில் எல்லோர் பேனாவும் நின்றது. இதற்குத்தானே நிமிஷக் கணக்கு! அதிகம் பேசாத ஒரு பெண் ஏழாவது கட்டத்தில் ஒரு கப்பி வரைந்தாள். படிக்கட்டுக் கூரைக்குள் நின்று இழுத்தால் கொடியே துணியோடு உள்ளே வந்துவிடும். இன்னும் இரண்டு பேரும் கிட்டத்தட்ட அதையே வரைந்திருந்தார்கள்.

48 படத்தையும் சுவரில் ஒட்டியாயிற்று. ஆளுக்கு மூன்று ஒட்டுப்பொட்டு, ஒரு படத்துக்கு ஒன்றுதான். குழுத்தலைவன் முதலில் எழுந்து செல்போன் படத்தில் ஒட்டினான். அப்புறம் என்ன, நாலு பேர் பின்னாலேயே! செல்போனுக்கு 5. கப்பிப் படங்கள் மூன்றுக்கும் 4, 3, 2. கூட்டினால் 9, ஆனால் ஜெயித்தது செல்போன். நம்ம ஊர் தேர்தலில் ஓட்டுப் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

"மழை பெய்யறது தெரிஞ்சு என்ன பண்றது? அப்ப நாம கிளாஸ்ல இருப்போமே" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். பொட்டுக்கு வாய் கிடையாது, ஏன் பிடித்தது என்று அது சொல்லாது. யாராவது கேட்டால்தான் உண்டு.

மறுபடி வைத்தார்கள். ஒரே யோசனையான மூன்று படத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டினார்கள். எந்தப் படம் என்று முதலில் ஆளாளுக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில் பொட்டு வைத்தார்கள். கேள்வியையும் 'எது பிடிச்சிருக்கு' என்று விடாமல், 'யாரும் மாடி ஏறாம துணி தப்பிக்கறது எதுல' என்று மாற்றினார்கள். கப்பிக்கு 6, செல்போனுக்கு 2. முதல் தடவை விழுந்த ஐந்தில் மூன்று, தலைவன் கையைப் பார்த்து விழுந்தவைதான் போலிருக்கிறது. (தலைவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் பொட்டும் கப்பியில்தான்.)

கயிறு வாங்கிக் கட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துணி கிளிப் கப்பிக்குள் நுழையாது என்று. ஈரத்துணி கனத்தில் கயிறு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. இதெல்லாம் ஒரு நிமிஷப் படத்தில் எங்கே தெரியும்? இப்போது இந்த இரண்டு சிக்கலுக்கு மட்டும் புதிதாகத் தாள் மடித்துக்கொண்டிருக்கிறார்கள்.