22-ஆம் கோடு

மேல்நிலை இயற்பியல் பாடத்தில் பெயின்பிரிட்ஜ் நிறமாலைமானியின் படம் பலருக்கு நினைவிருக்கும். மேலே அயனிகள் பிறக்கும் குழாய், நடுவே இணையாக இரு தகடுகள், கீழே அரைவட்டப் பாதை, அதன் முடிவில் ஒளிப்படத் தகடு. நடுத் தகடுகளுக்குத் திசைவேகத் தேர்ந்தெடுப்பான் என்று பெயர். v = E/B என்ற சமன்பாட்டை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அதில் அயனியின் நிறையும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. நிறைவாரியாகப் பிரிப்பதற்கென்றே கட்டிய கருவியில், நிறையைக் கண்டுகொள்ளாத ஒரு கட்டத்தை யார், எதற்காக வைத்தார்கள்? இந்தக் கேள்வியோடுதான் பழைய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கேம்பிரிட்ஜுக்குப் போக வேண்டியிருந்தது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் கேதோடு கதிர்களின் பாதையில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தார். மின்விசை ஒரு பக்கம் இழுக்கும், காந்தவிசை எதிர்ப்பக்கம் இழுக்கும். மின்விசை qE, அதற்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. காந்தவிசை qvB, வேகம் கூடினால் அதுவும் கூடும். ஆகவே ஒரே ஒரு வேகத்தில் மட்டும் இரண்டும் சமமாகும். இருபக்கமும் உள்ள q அடிபட்டுப் போவதால் மின்னூட்டமும் கணக்கிலிருந்து மறைகிறது. தாம்சனின் தேவை வேகத்தைத் தேர்ந்தெடுப்பதல்ல, அளப்பது. இவருக்கு முன்பே ஹெர்ட்ஸ் மின்புலத்தால் கதிரை வளைக்க முயன்று தோற்றிருந்தார். குழாயில் மிஞ்சியிருந்த வாயு அயனியாகித் தகடுகளின் புலத்தை மறைத்துவிட்டதுதான் காரணம். தாம்சன் வெற்றிடத்தைச் செம்மைப்படுத்திய பிறகே கதிர் வளைந்தது. இன்றும் இப்படியொரு கருவியில் மின்னழுத்தத்தை ஏற்றியும் கற்றை அசையவில்லை என்றால் முதலில் வெற்றிடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே ஜெர்மனியில் வில்ஹெல்ம் வீன் நேர்மின் கதிர்களை இரு புலங்களாலும் ஆராய்ந்தார். குறுக்குப் புலங்களால் வேகம் பிரிக்கும் அமைப்பு இன்று அவர் பெயரால் வீன் வடிகட்டி எனப்படுகிறது.

என் கேள்விக்கு விடை கிடைத்தது தாம்சனின் பிற்காலச் சோதனையில். 1912-இல் அவர் நியான் வாயுவின் அயனிகளை ஒன்றுக்கொன்று இணையான இரு புலங்கள் வழியே அனுப்பினார். மின்னிறக்கக் குழாயில் அயனிகள் வெவ்வேறு இடங்களில் பிறப்பதால் அவற்றின் வேகமும் வெவ்வேறாக இருக்கும். எனவே ஒரே வகை அயனிகூட ஒளிப்படத் தகட்டில் புள்ளியாக விழாமல் பரவளையமாக இழுபட்டது. நியானுக்கு எதிர்பார்த்த 20-ஆம் கோட்டின் பக்கத்தில் மங்கலாக 22-ஆம் கோடு ஒன்றும் தெரிந்தது. அது நியான்தானா? காந்தத்துக்குத் தெரிவது நிறை அல்ல, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த கார்பன் டை ஆக்சைடின் நிறை 44, பாதி 22. தாம்சன் வாயுவைத் திரவக் காற்றால் குளிர்வித்த குழாய் வழியே செலுத்தினார். கார்பன் டை ஆக்சைடு உறைந்து பின்தங்க, 44-ஆம் கோடு மங்கியது. 22 அப்படியே நின்றது. ஹைட்ரஜனோடு சேர்ந்த நியானாக இருக்குமோ என்ற ஐயம் அதன் பிறகும் அவருக்கு இருந்தது. அது நியானின் ஐசோடோப்தான் என்பதை அவருடைய உதவியாளராயிருந்த ஆஸ்டன், 1919-இல் தாம் அமைத்த கருவியால் நிறுவினார்.

வேகம் கலந்திருப்பதுதான் கோட்டை இழுத்து மங்கச் செய்கிறது. அப்படியானால் ஒரே வேகமுள்ளவற்றை மட்டும் உள்ளே விடலாமே? 1933-இல் கென்னத் பெயின்பிரிட்ஜின் நிறமாலைமானி செய்தது இதைத்தான். எண்களைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு அதன் அழகு புரிந்தது. தகடுகளுக்கிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி, 500 வோல்ட், காந்தப்புலம் 0.5 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். நேரே போகும் வேகம் வினாடிக்கு 200 கிலோமீட்டர். இந்த வேகத்தில் 0.5 டெஸ்லா புலத்தில் நுழையும் நியான்-20 அயனி 8.3 சென்டிமீட்டர் ஆரத்தில் சுற்றும், நியான்-22 அயனி 9.1 சென்டிமீட்டரில். அரைவட்டம் முடிந்து தகட்டைத் தொடும்போது இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் தூரம். வேகம் ஒன்றே என்பதால் ஆரம் நிறைக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. ஆகவே 21-க்குரிய இடம் சரியாக நடுவில், அளவுகோலில் குறித்ததுபோல.

வேகம் 1 சதவீதம் தவறினால் என்ன ஆகும்? 10 சென்டிமீட்டர் நீளமுள்ள தகடுகளைக் கடப்பதற்குள் நியான் அயனி சுமார் 0.6 மில்லிமீட்டர் விலகிவிடும். வெளிவாய்ப் பிளவு 0.1 மில்லிமீட்டர் என்றால் அது வெளியே வராது. பிளவை அகலமாக்கினால் கற்றை பலமாகும், ஆனால் வேறு வேகங்களும் நுழைந்துவிடும். நியானுக்கு அது பெரிய தொல்லை இல்லை. செனான் 131-க்கும் 132-க்கும் நிறை வித்தியாசமே 1 சதவீதத்துக்குக் குறைவு. வேகத்தில் 1 சதவீதம் தளர்ந்தால் அந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிறந்த அயனிகளில் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிவதுதான் இந்தத் துல்லியத்துக்குக் கொடுக்கும் விலை.

ஆனால் 22-ஆம் கோட்டின் பழைய சிக்கலை இந்தத் தேர்ந்தெடுப்பான் தொடவே இல்லை. நிறையும் மின்னூட்டமும் சேர்ந்தே இருமடங்கானால் ஆரம் மாறாது. அந்தச் சிக்கலுக்கு எதிர்பாராத ஓர் இடத்தில் விடை கிடைத்தது. அதுதான் பெர்க்லியின் சைக்ளோட்ரான். பாடநூலில் அது துகள்களை முடுக்கும் கருவி மட்டுமே. லாரன்ஸும் லிவிங்ஸ்டனும் 1931-இல் இயக்கிய முதல் கருவி உள்ளங்கை அகலம்தான். 1,800 வோல்ட்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அயனிகளை 80,000 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொண்டுபோனது. இங்கே நடப்பது பெயின்பிரிட்ஜின் கருவிக்கு நேர் எதிர். வேகம் கூடக்கூட ஆரமும் அதே அளவில் கூடுவதால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. சுற்றும் அதிர்வெண் qB/2πm. வேகம் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டது. அலையியற்றியின் தாளத்துக்குப் பொருந்தாத அயனி சுற்றுக்குச் சுற்று பின்தங்கிக் கடைசியில் தள்ளப்பட வேண்டிய நேரத்தில் தடுக்கப்படும். சுற்றுகள் கூடக்கூடச் சலித்தெடுப்பது நுணுக்கமாகும்.

1939-இல் லூயிஸ் அல்வாரெஸும் ராபர்ட் கார்னாகும் இந்த வகை முடுக்கியையே நிறமாலைமானியாக்கினார்கள். நிறை 3 உள்ள ஹீலியம் நிலைத்திருக்குமா என்பது கேள்வி. இருக்காது, நிலையானது நிறை 3 உள்ள ஹைட்ரஜன்தான் என்பதே அன்றைய பொதுக் கருத்து. சாதாரண நிறமாலைமானியில் ஒற்றை மின்னூட்ட ஹீலியம்-3 விழும் இடத்திலேயே மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த அயனியும், ஹைட்ரஜன்-டியூட்டீரிய மூலக்கூறும் விழும். இரட்டை மின்னூட்ட ஹீலியம்-3-க்கோ மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் மூன்றில் இரண்டு. ஹைட்ரஜனில் எதைச் சேர்த்தாலும் அந்த எண் வராது. அதிர்வெண்ணை மாற்றாமல், சாதாரண ஹீலியத்துக்கு வேண்டிய காந்தப்புலத்தை நான்கில் மூன்று பங்காக்கினால் இதன் முறை வரும்.

கற்றை வந்தது. முடுக்கிக்குக் கொடுத்திருந்தது இயற்கையில் கிடைத்த ஹீலியமே, ஆகவே ஹீலியம்-3 நிலைத்திருக்கிறது. காற்றிலிருந்து எடுத்த ஹீலியத்தில் ஹீலியம்-3, எரிவாயுக் கிணற்று ஹீலியத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு இருந்தது. கிணற்று ஹீலியம் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் உமிழ்ந்த ஆல்பாத் துகள்கள், அதாவது ஹீலியம்-4. நிறை 3 உள்ள ஹைட்ரஜன் கதிரியக்கம் உடையது என்பதையும் அவர்கள் அதே ஆண்டில் கண்டறிந்தார்கள்.