ஏறுறது லேசு, இறங்குறதுதான் கஷ்டம்

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு செங்குத்தான குறுக்குப்பாதை இருக்கிறது. எங்கள் மாமா அதில் ஏறும்போது நன்றாகவே ஏறுவார். இறங்கும்போதுதான் பத்து எட்டுக்கு ஒருதரம் குந்திவிடுவார். "காலு மரத்துப் போவுதுடா, கொஞ்சம் குந்தினா சரியாயிரும்" என்பார். நாங்கள் சிரித்திருக்கிறோம். மலையில் பிறந்தவருக்கு இறங்கத் தெரியாதா என்று கேட்டும் இருக்கிறோம்.

மாமா குள்ளம். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' வந்ததிலிருந்து தோட்டத்தில் அவருக்கு 'அப்பு' என்றுதான் பேர். அது போக, குள்ளம் என்பது எங்கள் பக்கம் யாரும் விசாரிக்கிற விஷயமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பாடு பத்தாமல் வளர்ந்த சனம், பாதிப் பேர் கட்டைதான். அதனால் மாமாவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார். அவர் கட்டையாக இருந்தது வேறு கணக்கு என்பது நாற்பது வயது தாண்டித்தான் எங்களுக்கு விளங்கியது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தையல்காரர் வைத்திருக்கிற நாடா போதும். போன வருசம் வீட்டுச் சுவரில் வைத்து அளந்தோம். அத்தையின் உயரம் 142 சென்டிமீட்டர். அடிவயிற்றுக்குக் கீழே தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை 71, அதற்கு மேலேயும் 71. இரண்டு கையையும் விரித்தால் 143. போசாக்கு இல்லாமல் கட்டையானவர் இப்படித்தான், எல்லாம் ஒரே அளவில் சின்னதாக இருப்பார். மாமாவின் உயரம் 128. கீழே 50, மேலே 78. விரித்த கை 115தான். உட்கார்ந்திருந்தால் மற்றவர்களோடு சமமாகத் தெரிவார், எழுந்தால்தான் குள்ளம். கையைத் தொங்கவிட்டால் எங்களுக்கு விரல்நுனி தொடை நடுவுக்கு வரும். அவருக்கு இடுப்போடு நின்றுவிடும். மேற்கை முன்கையைவிடக் கட்டை. பெரிய நெற்றி, அமுங்கிய மூக்குத்தண்டு, நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டாமல் சூலம் போல விரிகிற கை. இதெல்லாம் பிறந்த அன்றே இருந்தவை.

இதற்குப் பேர் அகொண்ட்ரோபிளேசியா. FGFR3 என்ற மரபணுவில் ஒரு எழுத்து மாறுவதால் வருகிறது. 1994இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் வேலை எலும்பு நீள்வதற்குப் பிரேக் போடுவது. மாற்றம் வந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு அப்பா அம்மா சாதாரண உயரம்தான். மாமா பிறந்தபோது பாட்டியைப் பேசாத பேச்சு பேசினார்களாம். அவர் மேல் ஒரு குற்றமுமில்லை.

உயரத்தை விட்டுவிடுங்கள். சிக்கல் முதுகெலும்பில் இருக்கிறது. ஒவ்வொரு முள்ளெலும்பிலும் நரம்பு போகிற வளையம் உண்டு. அந்த வளையத்தின் பக்கச்சுவர்களும் வளராமல் சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. நரம்போ முழு அளவில் வளர்கிறது. சாதாரணமாக இடுப்புக்குக் கீழே போகப் போக வளையம் அகலமாகும். இவர்களுக்குக் கீழே போகப் போக ஒடுங்கும். எக்ஸ்ரேயிலேயே பார்க்கலாம். சின்ன வயதில் எப்படியோ சமாளித்துவிடும். வயது ஏற ஏற வட்டு பிதுங்கி, தசைநார் தடித்து, இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும்.

முன்னால் குனிந்தால் வளையம் கொஞ்சம் திறக்கும், நிமிர்ந்தால் நெருக்கும். ஏற்றத்தில் மனுசன் குனிந்து ஏறுவான், இறக்கத்தில் பின்னுக்குச் சாய்வான். மாமாவின் பாதை எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

முதலில் காட்டிய இடத்தில் சீனி பார்த்தார்கள், ரத்த ஓட்டம் பார்த்தார்கள், வலிமாத்திரை தந்தார்கள். பாதத்தில் நாடி நன்றாகத் துடித்தது. ரத்தக்குழாய் அடைப்பென்றால் சும்மா நின்றாலே வலி விடும். மாமாவுக்கு நின்றால் விடாது, குந்தணும். இதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ரெண்டு வருசம் அப்படியே போனது. ஒருநாள் அவருக்கு மூத்திரம் அடக்க முடியாமல் போய்விட்டது. வெட்கத்தில் ஒரு மாசம் மறைத்தார். அந்த மாசந்தான் இன்றைக்கும் எங்களுக்கு ஆறவில்லை. மூத்திரம், மலம் கட்டுப்பாடு போவதும், தொடையிடுக்கு மரத்துப்போவதும் நரம்பு நசுங்கி முடிகிற கட்டம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கட்டம்.

கண்டியில் எம்.ஆர்.ஐ எடுத்து, வளையத்தின் பின்சுவரை நாலு மட்டத்தில் வெட்டித் திறந்தார்கள். நசுங்கிய நரம்புக்கு இடம் கொடுக்கலாம், செத்த நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று ஆபரேசனுக்கு முன்னாடியே டொக்டர் சொல்லிவிட்டார்.

இதே ஒடுக்கம் குழந்தைக்கு மண்டையோட்டின் அடித்துவாரத்தில் வரும். தூக்கத்தில் மூச்சு நிற்பது, கைகால் துவண்டு கிடப்பது எல்லாம் அதனுடைய அடையாளம். போன மாசம் பக்கத்து டிவிசனில் ஒரு பச்சைக்குழந்தையைப் பார்த்தோம். அதே நெற்றி, அதே கை. தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். முதுகு தானாக வலுக்கும் முன் இப்படி உட்காரவைத்தால் கூன் நிலைத்துவிடும். "புள்ளைய படுக்கப் போடும்மா, சீக்கிரமா பெரிய ஆஸ்பத்திரியில தலையையும் கழுத்தையும் பார்க்கச் சொல்லு" என்று மாமாதான் சொன்னார்.

இப்போது அவர் குறுக்குப்பாதையில் ஒரேதரம் குந்தி இறங்குகிறார். இடது பாதம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. செருப்பு கழன்று விழுந்தால் நாங்கள்தான் பின்னால் இருந்து கத்துவோம்.