தா என்றால் அடி மட்டும்தானா?

எங்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு நூல்நிலையத்தின் பின்னறையில் ஒரு சிறு வகுப்பு நடக்கிறது. அங்கே சீன மொழி பயிலும் மாணவியர் நாங்கள் ஐவர். தைவானில் பல ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பிய எங்கள் சிஸ்டர் ஒருவர்தாம் எங்களுக்கு ஆசிரியை. ஓராண்டு படித்ததும் எங்களுக்கு ஓரளவு கர்வம் வந்துவிட்டது. அந்தக் கர்வத்தை ஒரு கடிதம் எப்படி அடக்கியது என்பதையே இங்கு எழுத வந்தோம்.

சிஸ்டர் தைவானில் தங்கியிருந்த விடுதியில் சமையல் செய்த ஒரு பாட்டியம்மாள் அவருக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதுவாராம். இந்த ஆண்டுக் கடிதம் வந்ததும், "இதற்குப் பதில் எழுதும் பொறுப்பு உங்களுடையது. கடிதத்தை நான் படிக்கிறேன். நீங்கள் காதால் கேட்டு, பொருள் கண்டுபிடித்து, பதிலை எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார் சிஸ்டர். பாட்டியின் கையெழுத்து எங்களுக்குப் பிடிபடாது என்பதால் அவரே நிதானமாக வாசிக்க, நாங்கள் ஒலிகளை நோட்டில் எழுதிக்கொண்டோம்.

கடிதத்தின் நடுவில் இருந்த வாக்கியங்களில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று 'தா'. குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டிய சொல். 'அடி' என்பது அதற்கு நாங்கள் முதலில் கற்ற பொருள். மற்றொன்று 'ட்சுவோ'. குரலை மேலிருந்து சட்டென்று இறக்கிச் சொல்ல வேண்டும். அதற்குச் 'செய்' என்று பொருள் படித்திருந்தோம். இரண்டும் தெரிந்த சொற்கள்தானே என்று மகிழ்ந்தோம். மற்ற சொற்களை மட்டும் அகராதியில் ஒவ்வொன்றாகத் தேடினோம். அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து நாங்கள் செய்த மொழிபெயர்ப்பு இதுதான்:

"சென்ற மாதம் நான் கைவேலை செய்தேன். வைத்தியர் என்னைக் கனமான வேலை செய்ய விடுவதில்லை. நான் தினமும் வாசலில் செய்து கம்பளிச் சட்டையை அடிக்கிறேன். மகன் ஞாயிறுதோறும் டெலிபோனை அடிக்கிறான். திங்கட்கிழமை வண்டி செய்து போய் ஊசியை அடிக்கிறேன்."

படிக்கும்போதே சிரிப்பு வந்தது. ஆனாலும் நாங்கள் விடவில்லை. கம்பளிச் சட்டையை அடிப்பது என்றால் நம் ஊரில் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பது போல இருக்கும் என்றாள் ஒருத்தி. வண்டி செய்வது என்றால் வண்டி ஏற்பாடு செய்வதாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஊசி அடிப்பது தையல் வேலையாக இருக்கலாம் என்று முடிவு கட்டினோம். மொத்தத்தில் பாட்டி மிகவும் சுறுசுறுப்பானவர் என்று தோன்றியது. எனவே பதிலில், "பாட்டி, தாங்கள் கைவேலை செய்தது அறிந்து மிக்க மகிழ்ச்சி. எங்களுக்கும் ஒரு மாதிரி அனுப்பி வையுங்கள்" என்று எழுதி, ஓரத்தில் பூவும் வரைந்து, அடுத்த சனிக்கிழமை சிஸ்டரிடம் நீட்டினோம்.

சிஸ்டர் படித்தார். அவர் சிரிக்கவில்லை. "பிள்ளைகளே, பாட்டிக்குச் சென்ற மாதம் ஆபரேஷன் நடந்திருக்கிறது" என்றார். எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தக் கடிதம் மட்டும் தபாலில் போயிருந்தால்!

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் 'அடி' என்று தமிழில் எழுதி, இதை எங்கெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டார். மணி அடித்தது, வெயில் அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், தந்தி அடித்தார்கள், பரீட்சையில் காப்பி அடித்தாள், அரட்டை அடிக்கிறாள் என்று அடுக்கினோம். "இதில் யாருக்காவது வலித்ததா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "நம் 'அடி' எப்படித் தன் பொருளைப் பக்கத்துச் சொல்லிடமிருந்து வாங்கிக்கொள்கிறதோ, அப்படியே சீனரின் 'தா'வும். ஆனால் நம் பட்டியலை அங்கே அப்படியே கொண்டு போகாதீர்கள். வெயிலுக்கு அவர்கள் 'தா' சொல்வதில்லை. இடி இடித்தால் சொல்வார்கள்" என்றார்.

பிறகு கடிதத்தை வரிவரியாக எடுத்துக்கொண்டோம். முதலில் 'தா'வுக்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்க்கச் சொன்னார். பின்னால் ஒரு மனிதர் வந்தால் பெரும்பாலும் உண்மையான அடிதான். 'தா தா' என்று சொன்னால், இரண்டாவது 'தா'வை உயர்ந்த சமக்குரலில் சொல்லும்போது, 'அவனை அடி' என்றாகும். பின்னால் கம்பளிச் சட்டையாகிய 'மாவோயீ' வந்தால் அது பின்னுவது. டெலிபோனாகிய 'தியென்ஹுவா' வந்தால் அது போன் செய்வது. தண்ணீராகிய 'ஷ்வெய்' வந்தால் தண்ணீர் பிடிப்பது, மொள்ளுவது. ஆகவே பாட்டி சட்டையைத் துவைக்கவில்லை, பின்னுகிறார். மகன் ஞாயிறுதோறும் அம்மாவைப் போனில் அழைக்கிறான்.

'தா'வுக்கு முன்னால் வருவதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் சொன்னார். முட்டைக்குச் சீனத்தில் 'ஜீதான்'. 'தா ஜீதான்' என்றால் முட்டையை உடைத்து அடிப்பது. 'யீ தா ஜீதான்' என்றால் ஒரு டஜன் முட்டை! இந்த 'தா' ஆங்கில டஜனிலிருந்து வந்தது. எழுத்து ஒன்றேயானாலும் இதற்குக் குரலை மேலே ஏற்ற வேண்டும். முன்னால் எண் நிற்பதே இதன் அடையாளம்.

'ட்சுவோ' வேறு விதமான சிக்கல். செய்வதற்கும் உட்காருவதற்கும் சீனத்தில் எழுத்து வேறு. ஆனால் ஒலியும் குரல் இறக்கமும் ஒன்றே. எழுத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் தப்பித்திருப்போம். காதால் கேட்டதால் அகப்பட்டுக்கொண்டோம். அப்போதும் வழி இல்லாமல் இல்லை. 'ட்சுவோ ட்சாய்' என்று வந்து அதன் பின் ஓர் இடம் வந்தால், அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது. பாட்டி வாசலில் 'செய்து' அல்ல, வாசலில் உட்கார்ந்து பின்னுகிறார். பின்னால் வண்டியோ பஸ்ஸோ ரயிலோ வந்தால், அதில் ஏறிப் பயணம் செய்வது. பாட்டி வண்டி செய்யவில்லை, வண்டியில் போகிறார். பின்னால் வேலை, சோறு, வீட்டுப்பாடம் போன்றவை வந்தால்தான் அது செய்வது.

அப்படியானால் 'கைவேலை'யில் நாங்கள் எங்கே தவறினோம்? அங்கே 'ட்சுவோ' செய்வதுதானே? தவறு அதற்கு அடுத்த சொல்லில் இருந்தது. கடிதத்தில் வந்தது 'ஷோஷு'. நாங்கள் அதை இரண்டாகப் பிளந்து, 'ஷோ' என்றால் கை, 'ஷு' என்றால் கலை என்று தனித்தனியே அகராதியில் பார்த்து, கைவேலை என்று ஒட்டிவிட்டோம். சேர்த்துப் பார்த்திருந்தால் 'அறுவை சிகிச்சை' என்று அதே பக்கத்தில் அச்சாகியிருந்தது. வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் சொல்லை முழுச்சொல்லாகத் தேடாவிட்டால், வினைக்கு எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் பயனில்லை.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. 'ட்சுவோ ஷோஷு' என்பதை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரும் சொல்லலாம், செய்துகொள்ளும் நோயாளியும் சொல்லலாம். 'தா ஜென்' என்பதும் அப்படியே. நர்ஸ் சொன்னால் ஊசி போடுவது, நோயாளி சொன்னால் போட்டுக்கொள்வது. தமிழில் 'கொள்' என்ற துணைவினை இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. சீனத்தில் வினை காட்டாது. 'எனக்கு' என்று பொருள்படும் 'கெய் வோ' முன்னால் வந்தால் தெளிவாகும். அது இல்லாதபோது, பேசுபவர் யார் என்று கேட்க வேண்டும். இவர் சமையற்காரப் பாட்டி. அடுத்த வரியிலேயே வைத்தியர் கனமான வேலைக்குத் தடை சொல்கிறார். திங்கட்கிழமை ஊசிக்குப் போகிறார். ஐந்து வரியில் மூன்று வரி நோயைச் சொல்லுகிறது. நாங்கள் ஒவ்வொரு வரியையும் தனித்தனித் தீவாகப் படித்தோமே தவிர, ஒன்றோடொன்று பேசவிடவில்லை.

அன்று நாங்கள் கண்டுகொண்டது ஒன்று உண்டு. 'ஊசியை அடிக்கிறேன்' என்ற பிழை தானே பல்லைக் காட்டிவிடும். நாங்கள்தான் அதற்குச் சாக்குச் சொல்லி மறைத்தோம். ஆனால் 'கைவேலை செய்தேன்' என்பது பார்க்க நன்றாகவே இருந்தது. பிழை என்று சந்தேகமே எழவில்லை. பொருந்தாத பொருளைவிட, தனியே பார்த்தால் பொருந்துவதுபோல் தோன்றும் பொருள்தான் ஆபத்தானது. அதைப் பிடிக்க ஒரே வழி, முன்வரியும் பின்வரியும் அதற்கு ஒத்துச் சாட்சி சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான்.

பூ வரைந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதினோம். உடம்பு எப்படி இருக்கிறது, ஊசி இன்னும் எத்தனை நாள், பின்னிக்கொண்டிருக்கும் சட்டை மகனுக்கா என்று கேட்டோம். ஒவ்வொரு 'ட்சுவோ'வையும் 'தா'வையும் எழுதும்போது பக்கத்துச் சொல்லை இருமுறை சரிபார்த்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சிஸ்டர் வாசித்தார். "ஷியென்ட்சாய் வோ க்கயீ ட்சுவோ ஃபான் ல" என்று ஒரு வரி. 'ஷியென்ட்சாய்' என்றால் இப்போது. 'ட்சுவோ'வுக்குப் பின்னால் சோறாகிய 'ஃபான்'. அகராதியைத் திறக்காமலே ஐவரும் ஒரே குரலில் சொன்னோம்: "இப்போது என்னால் சமைக்க முடிகிறது!"

சட்டை மகனுக்கு அல்லவாம். சிஸ்டருக்காம். எங்கள் ஊர் வெயிலில் அதை அவர் எப்போது போட்டுக்கொள்வார் என்றுதான் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு