விடியற்காலைக் கனவு

காப்பியத்தில் வருகிற கனவு எதுவும் வீணாகப் போவதில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகாரில் இருக்கும்போதே ஒரு கெட்ட கனவு கண்டு தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். மதுரையில் கோப்பெருந்தேவியும் காண்கிறாள். இரண்டும் பலிக்கின்றன. பலிக்காமல் எப்படி இருக்கும்? கதை எங்கே போய் முடியும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய கனவுகள் அவை. நம் கனவுகளுக்கு அப்படி ஒரு ஆசிரியர் இல்லை.

ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னபோது இங்கிருந்துதான் தொடங்கினேன். "கனவுன்னா பசங்க நல்லா கேப்பாங்க சார். ஆனா அதை நம்பி முடிவெடுக்கக் கூடாதுன்னும் சொல்லிடுங்க" என்று அவர்களுடைய ஆசிரியை கேட்டிருந்தார். முதல் பாதி சுலபம். நேற்று ராத்திரி என்ன கனவு என்று கேட்டால் போதும், நாற்பது கைகள் மேலே போகும். பல் விழுந்தது, பாம்பு துரத்தியது, பரீட்சைக்குப் போனால் பேனாவில் மை இல்லை. கல்யாணக் கனவு கண்டால் சாவு வரும் என்று ஒருவன் சொல்ல, இல்லை, அது வேறு என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள்.

"விடியக்காலைக் கனவு பலிக்கும்னு எங்க ஆயா சொல்லும்" என்றான் முன்வரிசைப் பையன். அவன் ஆயா பாதி சரியாகவே கவனித்திருக்கிறார். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் சில வேளைகளில் வேகமாக ஓடுவதைப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டதாகச் சொன்னார்கள். ரெம் உறக்கம் என்று இன்று அழைப்பது அதைத்தான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓர் இரவில் நான்கைந்து தடவை அது வரும். முதல் தடவை சில நிமிடங்கள்தான். விடியலை நெருங்க நெருங்க நீளும். அதிலிருந்து நேரே விழித்துக்கொள்வதால் அந்தக் கனவுதான் நினைவில் நிற்கும். நினைவில் நிற்பதுதானே பின்னால் 'பலிக்க' முடியும்? நள்ளிரவுக் கனவு பலித்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

கனவுக்குள் இருக்கும்போது அது கனவு என்று ஏன் தோன்றுவதில்லை என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. ரெம் உறக்கத்தில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால், 'இரு, இது சரியா வருதா?' என்று சோதித்துப் பார்க்க உதவும் பகுதியோ மந்தமாகிவிடுகிறது. செத்துப்போன தாத்தா வந்து டீ கேட்டால் நாம் சர்க்கரை எவ்வளவு என்றுதான் கேட்போம். கனவு தருகிற அந்த அழுத்தமான உறுதி, சரிபார்க்கிற ஆள் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்த உறுதி.

அப்புறம் 1932ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்து புகழ்பெற்ற லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தையை, மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த வீட்டிலிருந்து யாரோ கடத்திவிட்டார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. ஹார்வர்டில் உளவியலாளர் ஹென்றி மர்ரே, இதைப் பற்றிக் கனவு கண்டவர்கள் எழுதி அனுப்பலாம் என்று பத்திரிகை வழியாகக் கேட்டார். 1300க்கும் மேற்பட்ட கனவுகள் வந்து சேர்ந்தன. குழந்தை கிடைப்பதற்கு முன்பே எல்லாம் எழுத்தில் கைக்கு வந்துவிட்டது என்பதுதான் இதில் முக்கியம். பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

மே 12 அன்று, வீட்டிலிருந்து சில மைல் தொலைவில், மரங்களுக்கு நடுவே, ஆழமில்லாத குழியில் குழந்தையின் உடல் கிடைத்தது. மர்ரேயும் வீலர் என்பவரும் கனவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். குழந்தை இறந்துவிட்டது என்று காட்டியவை நூற்றுக்கு ஐந்துதான். இறந்தது, புதைக்கப்பட்டது, மரங்களுக்கிடையே என்ற மூன்றும் சேர்ந்து வந்தவை மொத்தம் நான்கு.

"அந்த நாலு பேருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டேன். "புல்லரிச்சிருக்கும் சார்." கண்டிப்பாக. ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் கனவை மறந்திருப்பார்கள். இப்போது, ஏப்ரல் மாதத்தில், அந்த 1300 கடிதங்களையும் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் எங்கே தேடப் போவது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு கடிதங்களும் மற்றவை போலவேதான் இருக்கும். எது சரி என்று மே மாதம்தான் தெரியும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் கனவு உதவாது என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்போ ராமானுஜன்?"

நல்ல கேள்வி. கடல் தாண்டக் கூடாது என்ற தடை வீட்டில் இருந்தபோது, வெள்ளைக்காரர்கள் நடுவில் மகன் உட்கார்ந்திருப்பதாகவும், அவனைத் தடுக்காதே என்று நாமகிரித் தாயார் சொன்னதாகவும் அவருடைய அம்மா கனவு கண்டார் என்பது அவர் வரலாற்றில் வருகிறது. 1914 மார்ச்சில் அவர் சென்னையிலிருந்து கப்பலேறினார். கனவு முடிவெடுத்ததா? கப்பலேறுவதற்கு முன்னால் என்னென்ன நடந்திருக்கிறது பாருங்கள். ஹார்டியோடு ஓராண்டுக் கடிதப் போக்குவரத்து. மாதம் 75 ரூபாய் பல்கலைக்கழக உதவித்தொகை. நெவில் சென்னைக்கு வந்து நேரில் பேசியது. ஆண்டுக்கு 250 பவுண்டு ஏற்பாடாகி, அதில் 50 குடும்பத்துக்கு என்று ஒதுக்கியது. கனவு இல்லையென்றாலும் இவை சரியான காரணங்களே. இவை இல்லாமல் கனவு மட்டும் வந்திருந்தால், போய் இறங்க இடம் இருந்திருக்காது. அம்மாவின் மனசுக்கு ஒரு அனுமதி தேவைப்பட்டது. அதைக் கனவு கொடுத்தது.

சூத்திரங்களையும் நாமகிரிதான் தந்தாள் என்று ராமானுஜன் சொல்வதுண்டு. ஆனால் ஹார்டி நிரூபணம் கேட்டார். ராமானுஜன் எழுதி அனுப்பியவற்றில் பல பிரமிக்க வைத்தன. பகா எண்களைப் பற்றிச் சொன்னது தவறாகப் போனது. எங்கிருந்து வந்தது என்பதை வைத்து எது சரி என்று பிரிக்க முடியவில்லை. போட்டுப் பார்த்துத்தான் பிரிக்க முடிந்தது.

மணி அடித்தபிறகு அந்தப் பெண் கிட்டே வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க ஆசை. பாட்டிக்கு அவள் தண்ணீரில் மூழ்குவதாகக் கனவு. "இப்ப வேணாங்குது சார். எனக்கு மட்டும் போற மாதிரி கனவு வருது. அதை அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

மோர்வெட்ஜ், நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் எழுதியது நினைவுக்கு வந்தது. பிடித்த ஒருவரைப் பற்றிய நல்ல கனவுக்கும், பிடிக்காதவரைப் பற்றிய கெட்ட கனவுக்கும் மனிதர்கள் கூடுதல் அர்த்தம் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே நினைத்திருப்பதைச் சொல்லும் கனவைத்தான் நம்புகிறோம். கனவுக்கு எதிராகக் கனவை வைத்தால், வீட்டில் யார் பெரியவரோ அவர் கனவுதான் ஜெயிக்கும்.

"உன் கனவைச் சொல்லாதம்மா. பாட்டிகிட்ட, அங்க போனா எனக்கு என்ன ஆயிடும்னு பயப்படுறேன்னு கேளு. தண்ணியைப் பத்திக் கேக்காத" என்றேன். கனவு வருங்காலத்தைச் சொல்லாது. ஆனால் பாட்டியின் பயம் நிஜம், அதோடு பேச முடியும்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க சின்னத்தை ஹாஸ்டல்ல இருந்தப்போ மஞ்சக்காமாலை வந்து, வீட்டுக்கு ரொம்ப லேட்டாத்தான் சொன்னாங்க. பாட்டி அதையே சொல்லிட்டிருக்கும்."

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கு யார் போன் செய்வார்கள், ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு. அவள் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மூன்றாவதற்குக் கீழே, நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: பாட்டி வந்து ஒரு நாள் தங்கலாமா?